ஸ்டிரைக் சட்டவிரோதம் என்றால் கதவடைப்பு நாட்களின் சம்பளமும் போய்விடுமா?

கேள்வி: சம்பள உயர்வு கேட்டு பிப்ரவரி 2 அன்று ஸ்டிரைக் நோட்டீஸ் கொடுத்தோம். பேச்சே இல்லாததால் 12, 13, 14 தேதிகளில் வேலைக்குப் போகவில்லை. 16-ம் தேதி காலை கேட்டில் கதவடைப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 23-ம் தேதி 'வேலைக்கு வரத் தயார்' என்று சங்கம் கடிதம் கொடுத்தது. ஒவ்வொருவரும் தனித்தனியாக உறுதிமொழிக் கடிதம் தந்தால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். மார்ச் 30-ல்தான் திறந்தார்கள். நாள் சம்பளம் 800 ரூபாய். ஸ்டிரைக் சட்டவிரோதம், அதனால் ஒரு நாளுக்கும் சம்பளம் இல்லை என்கிறது நிர்வாகம். சரியா?

பதில்:

முதல் 3 நாட்களைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. 16-ம் தேதியிலிருந்து மார்ச் 28 வரைக்கும் அதே பதிலைச் சொன்னால் அது சரியில்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'சட்டவிரோத ஸ்டிரைக்' என்று மேலே எழுதிவிடுவது நிர்வாகங்கள் வழக்கமாகச் செய்வதுதான். பல சங்கங்களும் அதை அப்படியே நம்பி விட்டுவிடுகின்றன. சம்பளக் கேள்வியை நாள் நாளாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டிரைக் என்பது தொழிலாளர்கள் கூடிப்பேசி வேலையை நிறுத்துவது. கதவடைப்பு என்பது முதலாளி வேலை தர மறுப்பது. ஆலையை முழுவதுமாக மூடினால்தான் கதவடைப்பு என்றில்லை. இடத்தைத் தற்காலிகமாக மூடினாலும், வேலையை நிறுத்திவைத்தாலும், ஒரு பகுதித் தொழிலாளர்களை மட்டும் உள்ளே விடாமல் தடுத்தாலும் அது கதவடைப்புதான். எத்தனை பேரை நிறுத்தினார்கள் என்பதற்குச் சட்டம் கீழ்வரம்பு எதுவும் வைக்கவில்லை. உறுதிமொழி எழுதிக் கொடுத்தவர்களை உள்ளே விட்டு மற்றவர்களை வெளியே நிறுத்தியிருந்தால், வெளியே நின்றவர்களைப் பொறுத்தவரை கதவடைப்பு தொடர்ந்தது என்றே வாதிடலாம்.

கதவடைப்பை லே-ஆஃபோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பணம் அங்கேயும் மாறுபடும். மூலப்பொருள் இல்லை, மின்சாரம் இல்லை, இயந்திரம் பழுது என்று வேலை தர முடியாமல் போவது லே-ஆஃப். அதற்கு, தகுதி உள்ள தொழிலாளர்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி இழப்பீடு உண்டு. கதவடைப்புக்கு அப்படித் தானாகக் கிடைக்கும் இழப்பீடு எதுவும் சட்டத்தில் இல்லை. இதை முடிவு செய்தது நீலகிரியில் நடந்த ஒரு வழக்கு. 1957 ஜூலையில் கோத்தகிரி பக்கத்தில் கைர்பெட்டா தேயிலைத் தோட்டத்தின் மேலாளரைத் தாக்கிப் படுகாயப்படுத்திவிட்டார்கள். அங்கே வேலை பார்க்கப் பாதுகாப்பில்லை என்று ஊழியர்கள் சொன்னதால் நிர்வாகம் கெல்சோ என்ற பிரிவை மூடியது. செப்டம்பர் ஆரம்பத்தில்தான் திறந்தது. தொழிலாளர்கள் லே-ஆஃப் இழப்பீடு கேட்டார்கள், தொழிலாளர் நீதிமன்றமும் கொடுத்தது. 1960-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வியாபாரக் காரணத்தால் வேலை இல்லாமல் போவது வேறு, தொழிலாளர்களோடு உள்ள மோதலில் முதலாளி எடுக்கும் ஆயுதம் வேறு என்றது. தொழிலாளிக்கு ஸ்டிரைக் எப்படியோ, முதலாளிக்குக் கதவடைப்பு அப்படி என்ற பார்வையும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

இந்தத் தீர்ப்பிலிருந்து உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கதவடைப்பு நாட்களுக்குச் சம்பளம் வேண்டுமானால் அந்தக் கதவடைப்பு சட்டவிரோதமானது, அல்லது நியாயமற்றது, அல்லது ஒரு கட்டத்துக்கு மேல் நியாயமற்றதாகிவிட்டது என்று நீங்கள் நிறுவியாக வேண்டும். வேறு குறுக்கு வழி கிடையாது.

சரி, உங்கள் ஸ்டிரைக்குக்கு வருவோம். 2025 நவம்பர் 21-லிருந்து தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பிருந்த 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும்தான் ஸ்டிரைக் நோட்டீஸ் கட்டாயம். சாதாரண இன்ஜினியரிங் கம்பெனியில் நோட்டீஸ் இல்லாமல் வேலையை நிறுத்தினாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் அது சட்டவிரோதம் ஆகாது. பழைய தலைவர்கள் பலர் இன்னும் அந்த நினைப்பில்தான் இருக்கிறார்கள். இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் நோட்டீஸ் கட்டாயம். நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழிந்த பிறகுதான் ஸ்டிரைக். நோட்டீஸில் ஒரு தேதி குறிப்பிட்டிருந்தால் அந்தத் தேதிக்கு முன்பும் கூடாது. 60 நாளுக்குள் ஸ்டிரைக்கில் இறங்கவில்லை என்றால் அந்த நோட்டீஸ் காலாவதி. 50 சதவீதமோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் ஒரே நாளில் கூடிப்பேசித் தற்செயல் விடுப்பு போட்டாலும் அதுவும் ஸ்டிரைக்.

பிப்ரவரி 2-ல் கொடுத்த நோட்டீஸுக்கு 14 நாள் 16-ம் தேதி முடிகிறது. 17-ம் தேதிக்கு முன்னால் வேலையை நிறுத்த முடியாது. நீங்கள் 12-ம் தேதியே நிறுத்திவிட்டீர்கள். 'பேச்சே இல்லை' என்பது வருத்தமான காரணம்தான், ஆனால் சட்டத்தின் தடையை அது நீக்காது.

17 வரை காத்திருந்தாலும் வழி திறந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. நோட்டீஸ் போனதும் சமரச அலுவலர் இரு தரப்பையும் அழைப்பார். அவர் முன்னால் முதல் கூட்டம் நடக்கும் நாளிலேயே சமரச நடவடிக்கை தொடங்கிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அது நடந்துகொண்டிருக்கும் வரையும், முடிந்து 7 நாள் வரையும் ஸ்டிரைக் கூடாது. தீர்ப்பாயத்துக்குப் போனால் அங்கே முடிந்து 60 நாள் வரை கூடாது. 14 நாள் காத்திருப்புக்குள்ளேயே அலுவலர் ஒரு கூட்டத்தை நடத்திவிட்டால் சட்டபூர்வமான ஸ்டிரைக்குக்கு இடமே ஏறக்குறைய இல்லாமல் போகிறது. இந்தத் தொகுப்பில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். ஆனால் குறை என்று நினைத்தாலும், அதன்படிதான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

'மூன்று நாள்தானே, கொஞ்ச நேரந்தானே' என்ற வாதமும் எடுபடாது. சென்னை பி அண்ட் சி மில் வழக்கு பழைய தொழிற்சங்கக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். 1948 நவம்பர் 1 அன்று சூரிய கிரகணம். முற்பகல் விடுமுறை கேட்டுக் கிடைக்கவில்லை என்று கர்நாடிக் மில்லின் இரவு ஷிப்டில் 859 பேர் மாலை 4 மணியிலிருந்து வேலையை நிறுத்தினார்கள். 8 மணியோடு பெரும்பாலும் முடிந்துவிட்டது, 10 மணிக்கு முற்றிலுமாக ஓய்ந்தது. அந்தச் சில மணி நேரமும் சட்டவிரோத ஸ்டிரைக்தான் என்று 1953-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் அவர்கள் தொடர் பணி முறிந்து, சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுமுறையையும் இழந்தார்கள். இந்தத் தொடர் பணி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஸ்டிரைக் நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்ற கேள்வியில் இரண்டு தரப்பிலும் தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன. சட்டபூர்வமான ஸ்டிரைக் என்றால் சம்பளம் தந்தே ஆக வேண்டும் என்று சங்கத்தில் நினைப்பார்கள். ஸ்டிரைக் என்றாலே சம்பளம் கிடையாது என்று நிர்வாகத்தில் நினைப்பார்கள். 1994-ல் சிண்டிகேட் வங்கி வழக்கில் அரசியல் சாசன அமர்வு இதற்கு முடிவு சொன்னது. ஸ்டிரைக் சட்டபூர்வமாகவும் இருக்க வேண்டும், நியாயமானதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சம்பளம். ஒன்று இல்லாவிட்டாலும் கிடையாது. நியாயமா இல்லையா என்பது கோரிக்கையின் தன்மை, அவசரம், பேச்சுவார்த்தையில் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையெல்லாம் சாட்சியம் வைத்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஸ்டிரைக்கில் வன்முறை நடந்திருந்தால் சம்பளக் கோரிக்கை அங்கேயே பலவீனமாகிவிடும்.

அதற்கு 4 வருடம் முன்பு, பேங்க் ஆஃப் இந்தியா வழக்கில், 1977 டிசம்பர் 29 அன்று 4 மணி நேரம் வேலை செய்யாமல் இருந்து பிறகு உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் முழுவதையும் பிடித்தது சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்கூட்டியே சுற்றறிக்கை விட்டு, முழு நாள் சம்பளம் பிடிப்போம் என்று வங்கி எச்சரித்திருந்தது. அந்தச் சுற்றறிக்கை வழக்கில் முக்கியமாகப் பேசப்பட்டது. எனவே உங்கள் நிர்வாகம் ஸ்டிரைக்குக்கு முன்னால் என்ன அறிவிப்பு ஒட்டியது என்பதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக 12, 13, 14 போய்விட்டது. 3 நாள், 2,400 ரூபாய். இதற்கு மேலும் நிர்வாகம் 8 நாள் வரை சம்பளத்தைப் பிடிக்கும் என்று யாராவது மிரட்டியிருக்கலாம். அப்படி ஒரு விதி இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ கூட்டாக, முறையான முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வேலைக்கு வராவிட்டால் 8 நாள் சம்பளத்துக்கு மிகாமல் பிடிக்கலாம். ஆனால் முன்னறிவிப்புக்குப் பதிலாக இவ்வளவு தர வேண்டும் என்று வேலை ஒப்பந்தத்திலேயே ஏற்பாடு இருக்க வேண்டும். அது இல்லாமல் அந்த விதியை மட்டும் காட்டிப் பிடிக்க முடியாது. உங்கள் நியமனக் கடிதத்தையும் நிலையாணைகளையும் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

இப்போது 16-ம் தேதி கதவடைப்பு. கதவடைப்புக்கும் 14 நாள் நோட்டீஸ் வேண்டும், ஸ்டிரைக்குக்கு என்னென்ன தடைகளோ அவையெல்லாம் முதலாளிக்கும் உண்டு. நோட்டீஸே இல்லாமல் ஒட்டினார்களே, அது சட்டவிரோதம்தானே என்று கேட்பீர்கள். இரண்டு விதிவிலக்குகள் இங்கே குறுக்கே நிற்கின்றன. ஏற்கெனவே ஸ்டிரைக் நடந்துகொண்டிருந்தால் கதவடைப்புக்கு நோட்டீஸ் தேவையில்லை, அறிவித்த அன்றே அதிகாரிக்குத் தகவல் அனுப்பினால் போதும். சட்டவிரோத ஸ்டிரைக்கின் விளைவாக அறிவித்த கதவடைப்பு சட்டவிரோதமாகக் கருதப்படாது. மறுபக்கமும் இப்படியே: சட்டவிரோதக் கதவடைப்பின் விளைவாகத் தொழிலாளர்கள் இறங்கும் ஸ்டிரைக்கும் சட்டவிரோதமாகாது.

இங்கே ஒரு இடத்தை நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். ஸ்டிரைக் 3 நாள்தான் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தீர்களா? 14-ம் தேதியோடு முடிந்து, 15 ஞாயிறு கழிந்து, 16 காலை எல்லோரும் வேலைக்கு வந்து கேட்டில் நின்றீர்களா? அப்படியென்றால் 16 அன்று 'நடந்துகொண்டிருக்கும் ஸ்டிரைக்' எதுவும் இல்லை. நோட்டீஸ் இல்லாமல் கதவடைத்தது தவறு என்று வாதிட இடம் இருக்கிறது. நிர்வாகம் இரண்டாவது விதிவிலக்கைப் பிடித்துக்கொள்ளும்: ஸ்டிரைக் முடிந்துவிட்டாலும் இந்தக் கதவடைப்பு அதன் விளைவுதான் என்று சொல்லும். கதவடைப்பு நோட்டீஸில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்பது அப்போது முக்கியமாகிவிடும். 'சட்டவிரோத ஸ்டிரைக் காரணமாக' என்று எழுதியிருந்தால் அவர்களுக்குப் பலம். ஆர்டர் குறைவு, செலவு அதிகம், சம்பள உயர்வு கட்டுபடியாகாது என்று எழுதியிருந்தால், அது ஸ்டிரைக்கின் விளைவு இல்லை, கோரிக்கையை அடக்கப் போட்ட கதவு என்று காட்டலாம். காலவரையற்ற ஸ்டிரைக் என்று அறிவித்துவிட்டு 16 அன்று யாரும் வரவில்லை என்றால் இந்த வாதம் உங்களுக்குக் கிடையாது.

கதவடைப்பு சட்டவிரோதம் என்று முடிவானால் அந்த நாட்களுக்கு முழுச் சம்பளம் என்பதுதான் பொது நிலை. நோட்டீஸே இல்லாமல், ஸ்டிரைக்கும் இல்லாமல் ஒருநாள் காலையில் பூட்டிவிடும் கம்பெனிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

உங்கள் விஷயத்தில் மோசமான பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். கதவடைப்பு தொடக்கத்தில் சட்டபூர்வம் என்றே தீர்ப்பாயம் சொல்கிறது. அப்போதும் கேள்வி முடிவதில்லை. தொடங்கும்போது நியாயமாக இருந்த கதவடைப்பு, தேவைக்கு மேல் இழுத்தடித்தால் நியாயமற்றதாகிவிடும். 1963-ல் இந்தியா மரைன் சர்வீஸ் வழக்கில் நடந்தது ஏறக்குறைய உங்கள் கதைதான்: நியாயமற்ற ஸ்டிரைக், அதைத் தொடர்ந்து கதவடைப்பு, அது நீண்டுபோய் நியாயமற்றதாகிவிட்டது. இரு தரப்பிலும் தவறு இருக்கும்போது முழுச் சம்பளத்தையும் முதலாளி தலையில் கட்டுவது முறையில்லை என்றது உச்ச நீதிமன்றம். யார் தவறு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லப் போதிய சாட்சியம் இல்லாததால், பழியை ஏறத்தாழப் பாதிப் பாதியாகப் பிரித்தது. 1976-ல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதை இன்னும் விரித்தார். சட்டவிரோத ஸ்டிரைக்குக்குச் சாதாரணமாகச் சம்பளம் இல்லை, சட்டவிரோதக் கதவடைப்புக்கு முழுச் சம்பளம், இவை இரண்டும் தெளிவு. இரண்டுக்கும் நடுவே உள்ள பரப்பில் தீர்ப்பாயம் முதல் நாளில் யார் தப்புச் செய்தார் என்பதோடு நின்றுவிடாமல், கடைசிவரை இரு தரப்பும் எப்படி நடந்துகொண்டன என்று பார்த்து நியாயமாகத் தீர்மானிக்கலாம் என்றார்.

இவை பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்புகள். ஸ்டிரைக், கதவடைப்பு பற்றிய வரையறைகளும், ஒன்றின் விளைவாக வரும் மற்றொன்று சட்டவிரோதமாகாது என்ற விதியும் புதிய தொகுப்பிலும் பெரும்பாலும் அப்படியே தொடர்வதால் இந்த அணுகுமுறை இன்றும் பொருந்தும்.

உங்கள் தேதிகளை இதில் வைத்துப் பார்க்கலாம். பிப்ரவரி 16 முதல் 21 வரை 6 வேலை நாள். நீங்கள் வேலைக்குத் திரும்புவதாக எழுத்தில் எதுவும் சொல்லவில்லை, கதவு மூடியிருந்ததற்கு நிர்வாகத்திடம் ஒரு காரணம் இருந்தது. இந்த 4,800 ரூபாய் கிடைப்பது கடினம். பிப்ரவரி 23 முதல் மார்ச் 28 வரை, ஞாயிறுகளைக் கழித்தால், சரியாக 30 வேலை நாள். 24,000 ரூபாய். உங்கள் வழக்கு நிற்பது இந்த 30 நாளில்தான். 23-ம் தேதிக் கடிதத்துக்குப் பிறகு வேலையை நிறுத்தி வைத்திருந்தது நீங்கள் இல்லை. கதவடைப்பு எந்த ஸ்டிரைக்கின் விளைவு என்று சொன்னார்களோ, அந்த ஸ்டிரைக் அன்றோடு எழுத்துமூலம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏன் மூடி வைத்தீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நிர்வாகம்.

ஒரு நாள் சம்பளமும் இல்லை என்பது ஒரு எல்லை, 24,000 முழுவதும் என்பது மறு எல்லை. மரைன் சர்வீஸ் பாணியில் 30 நாளைப் பாதியாகப் பிரித்தால் ஆளுக்கு 12,000. நிர்வாகத்தின் நடத்தை மோசமாக இருந்ததாகத் தீர்ப்பாயம் கண்டால் பாதிக்கு மேலேயும் போகலாம். பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தால் நான் பேரத்தைத் தொடங்குவது 24,000-ல். பாதிக்குக் கீழே இறங்க அவசரப்பட மாட்டேன்.

அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். 'ஸ்டிரைக்கை நிபந்தனையின்றி விலக்கிக்கொள்கிறோம், எல்லாத் தொழிலாளர்களும் இன்ன தேதி முதல் ஷிப்டிலிருந்து வேலைக்குத் தயார், கோரிக்கைகளைச் சமரசத்தில் பேசிக்கொள்கிறோம்' என்று இருந்தால் நல்லது. 'சம்பள உயர்வைப் பேசித் தீர்த்தால் வேலைக்கு வருகிறோம்' என்று எழுதியிருந்தால் அது ஸ்டிரைக்கை விலக்கியது ஆகாது, நோட்டீஸையே மறுபடி எழுதியதுதான். கோபத்தில் எழுதிய ஒரு வரியால் ஒரு மாதச் சம்பளம் கையை விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்தை இப்போதே எடுத்துப் பாருங்கள். நிபந்தனை இருந்தால், அதற்குப் பிறகு சமரச அலுவலர் முன்னால் நிபந்தனையின்றித் தயார் என்று எப்போதாவது சொன்னீர்களா, அது கூட்டக் குறிப்பில் பதிவானதா என்று தேடுங்கள். பதிவாகியிருந்தால் 30 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்து தொடங்கும்.

அடுத்தது அந்த உறுதிமொழிக் கடிதம். ஒழுங்காக நடந்துகொள்வேன், உற்பத்திக்கு இடையூறு செய்ய மாட்டேன் என்று மட்டும் கேட்டிருந்தால், அதுவும் ஸ்டிரைக்கின்போது கைகலப்பு ஏதாவது நடந்திருந்தால், தீர்ப்பாயம் அதை அவ்வளவு தவறாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம். கையெழுத்துப் போட மறுத்துக் கேட்டுக்கு வெளியே நின்ற நாட்களுக்குச் சம்பளம் கேட்பது அப்போது சிரமம். சங்கத்திலிருந்து விலகுகிறேன், சம்பள உயர்வுக் கோரிக்கையைக் கைவிடுகிறேன், ஸ்டிரைக் செய்தது குற்றம் என்று ஒப்புக்கொள்கிறேன் என்ற மாதிரி வாசகங்கள் இருந்தால் நிலைமையே வேறு. வேலை தருவதற்குச் சங்கத்தை விலையாகக் கேட்பது நேர்மையற்ற தொழில் நடைமுறை. கதவடைப்பை நீட்டித்ததன் உண்மையான நோக்கமும் அதிலேயே தெரிந்துவிடும். அந்தப் படிவத்தின் ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும். யாரிடமும் இல்லை என்றால், கையெழுத்துப் போட்டவர்கள் யாராவது போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்த 30 நாளுக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது.

23-க்குப் பிறகு தினமும் ஷிப்ட் நேரத்துக்கு யார் யார் கேட்டுக்கு வந்தார்கள் என்று பதிவு வைத்தீர்களா? தேதி, நேரம், கையெழுத்தோடு ஒரு நோட்டு இருந்தால் போதும். ஸ்டிரைக்கிலேயே சேராமல் 12-ம் தேதியே வேலைக்கு வர முயன்றவர்களும், அனுமதித்த விடுப்பில் இருந்தவர்களும் தங்கள் கோரிக்கையைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். கூட்டத்தோடு சேர்த்துப் பட்டியலிட்டால் அவர்களுடைய நல்ல வழக்கும் பலவீனமாகும்.

இந்த இடைவெளியில் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டவர்கள் அந்த நாட்களுக்கும் சம்பளம் கேட்டால் நிர்வாகம் கட்டாயம் அதைக் கிளப்பும். பட்டியல் போடும்போதே அவர்களிடம் உண்மையைக் கேட்டுவிடுங்கள்.

சம்பளத்தைத் தாண்டி இரண்டு விஷயங்கள். சட்டவிரோத ஸ்டிரைக்கில் கலந்துகொண்டதற்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டவிரோதக் கதவடைப்புக்கு முதலாளிக்கு 50,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. கலந்துகொண்டார் என்பதற்காக மட்டும் விசாரணை இல்லாமல் யாரையும் வேலையை விட்டு நீக்க முடியாது. இன்னொன்று தொடர் பணி. சட்டவிரோதம் அல்லாத ஸ்டிரைக்கும், தொழிலாளி தவறில்லாமல் வேலை நின்றுபோன நாட்களும் தொடர் பணியை முறிக்காது. கிரகண நாளில் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் இழந்தது இதைத்தான். உங்கள் 3 நாளை வைத்து நிர்வாகம் பணி முறிந்துவிட்டது என்று பதிவேட்டில் எழுதுகிறதா என்று பாருங்கள். ஒப்பந்தம் போடும்போது அந்த 3 நாளைச் சம்பளம் இல்லாத விடுப்பாகக் கணக்கிட வேண்டும், பணித் தொடர்ச்சி பாதிக்கக் கூடாது என்று ஒரு வரி வாங்கிவிடுங்கள். 2,400 ரூபாய்க்காகப் போராடுவதைவிட இது பல மடங்கு மதிப்புள்ளது. நிர்வாகமும் பணம் தர வேண்டியதில்லை என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

கடைசியாக, எங்கே கேட்பது என்பது. வர வேண்டிய பாக்கியை வசூலித்துக் கொடுங்கள் என்று நேரடியாக ஒரு மனுப் போட்டால் அது நிற்காது. அந்த வழி, உரிமை ஏற்கெனவே முடிவாகி, தொகையைக் கணக்கிடுவது மட்டும் பாக்கி இருக்கும்போதுதான். இங்கே கதவடைப்பு நியாயமா என்பதே தகராறு. எனவே இதைத் தொழில் தகராறாகச் சமரச அலுவலர் முன்னால் எழுப்ப வேண்டும். கோரிக்கையை 'கதவடைப்புக் காலச் சம்பளம்' என்று மொட்டையாக எழுதாமல், 'பிப்ரவரி 16 முதல் கதவடைப்பு சட்டவிரோதமானது. அப்படி இல்லை என்றாலும் பிப்ரவரி 23 முதல் அது நியாயமற்றது. அந்தக் காலத்துக்குச் சம்பளம் வேண்டும்' என்று இரண்டு அடுக்காக எழுதுங்கள். முதல் அடுக்கு சரிந்தாலும் இரண்டாவது நிற்கும்.

ஆலையைத் திறக்கும்போது ஏதாவது ஒப்பந்தத்தில் சங்கம் கையெழுத்துப் போட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். 'இரு தரப்பும் கடந்த காலத்துக்கு எந்தக் கோரிக்கையும் வைக்காது' என்ற வரி அதில் இருந்தால் நான் மேலே சொன்ன 30 நாள் அங்கேயே முடிந்துவிட்டது. 'கதவடைப்புக் காலச் சம்பளம் குறித்த உரிமை பாதிக்கப்படாது' என்று இருந்தாலோ, அதைப் பற்றி எதுவுமே இல்லாவிட்டாலோ வழக்குக்கு இடம் உண்டு. சமரசம் தோற்றதாக அலுவலர் தரும் அறிக்கை உங்கள் கைக்கு வந்த நாளைக் குறித்து வையுங்கள். அரசு அனுப்பி வைக்கும் என்று பழைய பழக்கத்தில் காத்திருக்கக் கூடாது. இப்போது நீங்களே தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும், அதற்கு அந்த நாளிலிருந்து 90 நாள்தான் அவகாசம்.